காலை வெயில் போதுமா? வைட்டமின் டி கேள்வி பதில்

சென்னை, ஐ.டி. ஊழியர்: தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை கடற்கரையில் நடக்கிறேன், டாக்டர். முகத்தில் வெயில் நன்றாகவே படுகிறது. ஆனால் டெஸ்டில் வைட்டமின் டி 11 என்று குறைவாக வந்திருக்கிறது. லேப் தப்பா?

லேப் தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் நடக்கிற நேரம்தான் காரணம். தோலில் வைட்டமின் டி உருவாவதற்குப் புற ஊதா பி கதிர் வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சம் காற்று மண்டலத்தைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வருகிறது. அந்தக் கதிரில் பெரும்பகுதி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். கண்ணுக்கு வெளிச்சமும் உடம்புக்குச் சூடும் கிடைக்கும், வைட்டமின் மட்டும் அநேகமாகக் கிடைக்காது.

இதைத் தெரிந்துகொள்ள கருவி எதுவும் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் பயன் உண்டு. சென்னையில் மார்ச், ஜூன் மாதங்களில் ஏறக்குறைய ஒன்பது, ஒன்பதரைக்கே நிழல் அந்த அளவுக்கு வந்துவிடும். டிசம்பரில் பத்தேகாலாவது ஆகும். திருப்பதியில் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தோலில் இருக்கும் மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்து, பகல் முழுக்க வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்தார்கள். பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள்தான் மாற்றம் அதிகம்.

முகம் மட்டும் போதாது. கைகளும் கால்களும் திறந்திருக்க வேண்டும். நம் தோலுக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள், இருபது முப்பது நிமிடம் என்று நான் சொல்வதுண்டு. அது தோராயமான கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். சித்திரை, வைகாசியில் நடுப்பகலைத் தவிர்த்துவிட்டு, நிழல் குட்டையானதுமே போய்விட்டு வாருங்கள். ஆனால் 11 என்பது வெயிலை மட்டும் நம்பியிருக்கக்கூடிய அளவு இல்லை. மருந்தும் தேவைப்படும், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மதுரை, ஆசிரியர்: கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அப்படியானால் நமக்குத்தானே வைட்டமின் டி அதிகம் கிடைக்க வேண்டும்?

இழுப்பது உண்மை. ஆனால் இழுப்பது தோலுக்குக் கறுப்பைத் தரும் மெலனின் என்ற நிறமி. வைட்டமினுக்குப் போக வேண்டிய கதிரை அது வழிமறித்து வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் வெளுத்த தோலுக்குச் சில நிமிடங்களில் கிடைப்பது, நம் தோலுக்குப் பல மடங்கு நேரம் நின்றால்தான் கிடைக்கிறது.

இருந்தாலும் நிறத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. டெல்லியில் ஆரோக்கியமான ஆட்களிடம் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே பயிற்சி செய்யும் ராணுவ வீரர்களுக்கு அளவு கணிசமாக அதிகமாக இருந்தது. அதே ஊரின் மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் மிகக் குறைவு. திருப்பதிப் பக்கத்திலும் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு நகரத்தாரைவிட அதிகம்தான். வெயில் கொளுத்தும் ஊரில்தான் ஆட்கள் வெயிலுக்குப் பயந்து உள்ளே இருக்கிறார்கள். குடை, முழுக்கை, ஸ்கூட்டியில் போகும்போது முகத்தைச் சுற்றி துப்பட்டா. வளைகுடா நாடுகளிலும் இதே கதைதான்.

கோவை: ஆபீஸில் என் சீட் ஜன்னல் ஓரம். மதியம் முழுக்க வெயில் என் மேல்தான். இது கணக்கில் வருமா?

வராது. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரை உள்ளே விடாது. கார் கண்ணாடியும் அப்படித்தான்.

கும்பகோணம், இல்லத்தரசி: நாங்கள் சுத்த சைவம். தினமும் இரண்டு டம்ளர் பால், பாதாம், கீரை எல்லாம் சாப்பிடுகிறேன். இதற்கு மேல் என்ன சாப்பிடுவது?

அம்மா, நீங்கள் சொன்ன எல்லாமே நல்ல சாப்பாடு. ஆனால் பாதாமிலும் கீரையிலும் வைட்டமின் டி இல்லை. பாலில் இயற்கையாக இருப்பது மிகக் கொஞ்சம். பாக்கெட்டில் +F முத்திரை இருந்தால் செறிவூட்டிய பால். அதிலும் ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட்தான். இரண்டு டம்ளருக்குச் சுமார் நூறு கிடைக்கும். ஒரு நாளைக்கு வேண்டியது 600. முட்டையிலும் மஞ்சள் கரு ஒன்றுக்கு நாற்பது போலத்தான். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் அயிலையும் கைகொடுக்கும். காளானைச் சாப்பிடும் முன் வெயிலில் வைத்தால் அதில் டி2 என்ற வைட்டமின் டி வகை உருவாகும், ஆனால் எவ்வளவு என்று சொல்வது கஷ்டம்.

ஆக, சைவச் சாப்பாட்டை மட்டும் வைத்து இதைச் சரிக்கட்ட முடியாது. மாத்திரைகளில் வரும் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது. அது வேண்டாமென்றால் லைக்கன் என்ற பாசி போன்ற உயிரியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

சேலம்: அம்மாவுக்கு வயது 62. வாரம் ஒன்று என்று எழுதிய வைட்டமின் டி பாக்கெட்டை, தெரியாமல் தினமும் பாலில் கலந்து இருபது நாள் குடித்துவிட்டார். கால்சியம் மாத்திரையும் உண்டு. இப்போது வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். நாள்பூரா வெயிலில் நின்றாலும் இப்படி ஆகுமா?

முதலில் அம்மாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டையும் நிறுத்துங்கள். காலி பாக்கெட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள். பொதுவாக ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். வாரம் ஒன்றாக எட்டு வாரம் எடுத்தாலே மொத்தம் 4,80,000. அம்மாவுக்கு இருபது நாளில் 12 லட்சம் போயிருக்கிறது. இது கொழுப்பில் சேர்ந்துகொள்ளும் வைட்டமின். இன்று நிறுத்தினாலும் இறங்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை ரத்தத்தில் கால்சியம் ஏறியே இருக்கலாம். நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவும் அதற்குப் பொருந்துகின்றன. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும், ஆள் குழம்பிப் பேச ஆரம்பிப்பார். மருத்துவமனையில் நரம்பில் சலைன் ஏற்றுவதில் இருந்து ஆரம்பிப்பார்கள். வீட்டில் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

வெயிலால் இப்படி ஆகாது. அளவுக்கு மேல் உருவானதை அதே வெயில் தோலிலேயே வேறு பொருட்களாக மாற்றிவிடும். பாக்கெட்டுக்கு அப்படி ஒரு கடிவாளம் கிடையாது.

திருநெல்வேலி, லேப் டெக்னீஷியன்: எங்கள் ரிப்போர்ட்டில் 30-க்குக் கீழ் போனால் குறைவு என்று அச்சாகிறது. 24, 26 வந்தவர்கள் பயந்து மருந்து கேட்கிறார்கள். எனக்கென்னவோ அந்த 30 வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவு என்று தோன்றுகிறது. சரியா?

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் எலும்புக்கு 20 போதும் என்றது. அதே ஆண்டு அங்குள்ள நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 30 வேண்டும் என்றது. லேப்கள் பின்னதைப் பிடித்துக்கொண்டன. அந்தச் சங்கமே 2024-இல் அந்த எண்ணைக் கைவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு இந்த டெஸ்டை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஆனால் நமக்கென்று தனி அளவு எது என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. "நமக்குக் குறைவே சகஜம்" என்று விட்டுவிட எனக்கு மனம் வராது. பத்துக்குக் கீழே, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை, படி ஏறத் தொடை வலிக்கிறது, ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் ஏறியிருக்கிறது என்று வருகிறவர்களைப் பார்க்கிறேன். அது உண்மையான எலும்பு மென்மை நோய், மருந்து கொடுத்தால் தேறிவிடுகிறார்கள். 24 வந்து எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு நான் 60,000 பாக்கெட் எழுதுவதில்லை.

ஈரோடு: மூன்று மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். சொட்டு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு மில்லி, எங்களுக்கு அரை மில்லி. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 யூனிட். சில பாட்டிலில் அது ஒரு மில்லியில் இருக்கும், சிலதில் அரை மில்லியிலேயே இருக்கும். உங்கள் பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்று படித்துவிட்டு, அதனுடன் வந்த டிராப்பராலேயே அளந்து கொடுங்கள். பாட்டில் மாறினால் மறுபடியும் படியுங்கள்.