விடியற்காலை வீணை வகுப்பும் புள்ளி புள்ளியான படமும்

“தஞ்சாவூரில் பழைய வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, காலை ஐந்து மணிக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித் தருகிறேன். என் முதுகுக்குப் பின்னால் சுவர் உச்சியில் ஒரு டியூப்லைட். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கை அசைந்தால் படம் மங்கி, தெளிந்து, திரும்ப மங்குகிறது. வேறு வெப்கேம் வாங்க வேண்டுமா?”

வேண்டாம். அந்தக் காசில் ஒரு மேஜை விளக்கு வாங்குங்கள், மிச்சம்கூட இருக்கும்.

வெப்கேமின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டும் என்பதால், ஒரு படத்துக்கு அது வெளிச்சம் சேர்க்கக் கிடைப்பது நொடியில் முப்பதில் ஒரு பங்குதான். அதற்குள் போதுமான ஒளி வராவிட்டால், வந்த கொஞ்சத்தைக் கேமரா மின்னணு முறையில் பெருக்கிக் காட்டும். குறைந்த ஒளி எப்போதும் சீராக விழாது. ஒரு புள்ளியில் கொஞ்சம் கூடும், பக்கத்துப் புள்ளியில் குறையும். பெருக்கும்போது அந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்து பெருகுகிறது. நீங்கள் பார்க்கும் புள்ளிகள் அவைதான். வெளிச்சம் நான்கு மடங்கானால் புள்ளித் தொல்லை ஏறக்குறைய பாதியாகும். விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தாலே அந்த நான்கு மடங்கு கிடைத்துவிடும்.

ஃபோகஸ் அலைவதற்கும் காரணம் இதே இருட்டுதான். ஆட்டோஃபோகஸ் உள்ள பெரும்பாலான வெப்கேம்கள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, விளிம்புகள் எந்த இடத்தில் கூர்மையாகின்றன என்று தேடுகின்றன. நீங்கள் பிரடையைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து சுருதி சேர்ப்பது போலத்தான். சுற்றிலும் இரைச்சல் என்றால் சேர்ந்த இடம் காதுக்குப் பிடிபடாது இல்லையா? கேமராவுக்கு இந்தப் புள்ளிகள்தான் இரைச்சல். போதாததற்கு, வீணையில் மெட்டுகள் பதிந்திருப்பது கறுப்பு மெழுகில். மங்கலில் அங்கே பிடித்துக்கொள்ள விளிம்பே இல்லை. கை குறுக்கே போனதும் தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

அதனால் முதல் வேலை விளக்குதான். பின்னால் இருக்கும் டியூப்லைட்டை வகுப்பு நேரத்தில் அணைத்துவிடுங்கள். அது உங்கள் முகத்தையும் வீணையையும் நிழலில் தள்ளுகிறது. 12 வாட் எல்இடி பல்பு போட்ட மேஜை விளக்கை உங்கள் முன்னால் இடப்பக்கமாக, நாலடித் தூரத்தில், உட்கார்ந்த நிலையில் தலைக்கு ஓரடி உயரத்தில் இருக்கும்படி ஒரு ஸ்டூல்மேல் வையுங்கள். மெட்டு பிடிக்கும் கை அந்தப் பக்கம்தானே. லென்ஸுக்குப் பக்கத்திலேயே விளக்கை வைத்தால் மெட்டுகள் வெள்ளைக் கோடுகளாகப் பளிச்சிடும், விரல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்படிப் பளிச்சிட்டால் விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் ஒதுக்குங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினால் பளபளப்பு விலகும் இடம் தெரிந்துவிடும்.

அப்புறம்தான் செட்டிங்ஸ். விண்டோஸ் கணினி என்றால் இலவசமாகக் கிடைக்கும் OBS Studio என்ற வீடியோ மென்பொருளில் கேமராவைச் சேர்த்து, அதன் Properties-இல் “Configure Video” பொத்தானை அழுத்துங்கள். “Camera Control” பக்கத்தில் Focus, Exposure இரண்டும் இருக்கும். ஒரு செய்தித்தாளை மெட்டுகளின்மேல் நிறுத்தி வைத்து, Focus-க்கு எதிரே உள்ள Auto டிக்கை எடுத்துவிட்டு, எழுத்து கூர்மையாகும் வரை நகர்த்தி அப்படியே விடுங்கள். தினமும் ஒரே இடத்தில் உட்காரும் உங்களுக்கு ஆட்டோஃபோகஸ் தேவையே இல்லை. கேமராவையும் பாயையும் மட்டும் இடம் மாற்றாதீர்கள்.

அதே இடத்தில் “Low Light Compensation” என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். இருட்டில் வெளிச்சம் சேர்க்க அது நொடிக்கு எடுக்கும் படங்களை 15 போலக்கூடக் குறைத்துவிடலாம். படம் பிரகாசமாகும், ஆனால் கமகம் பிடிக்கும் விரல் வால் முளைத்தது போல இழுபடும். வீணை வகுப்புக்கு அது ஆகாது. அணைத்ததும் படம் இருண்டால், விளக்கு இன்னும் அருகில் வர வேண்டும் என்று அர்த்தம். சுவரில் பட்டைகள் ஓடினால், அதே சாளரத்தின் “Video Proc Amp” பக்கத்தில் “PowerLine Frequency” 60 Hz-இல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மின்சாரத்துக்கு 50 Hz தான் சரி.

இவ்வளவு செய்தாலும் வேகமான கமகத்தில் விரல் நுனி கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவின் எல்லை அது.

வேலை முடிந்ததும் OBS-ஐ மூடிவிட்டு வகுப்புக்கான செயலியைத் திறங்கள். ஒரே நேரத்தில் இரண்டும் கேமராவைப் பிடிக்க முடியாமல் போகலாம். சில கேமராக்கள் ஒயரைக் கழற்றி மாட்டினால் பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும், அதனால் ஐந்து மணிக்கு முன்பே ஒருமுறை கையை அசைத்துப் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்த மேஜை விளக்கை அந்த இணைப்பில் போட்டுவிடுங்கள்.