கல்யாணக் கசெட்டை வெட்டுவது: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, அக்காவின் 1994 கல்யாணக் கசெட்டை இரண்டரை மணி நேரக் கோப்பாகப் பதிந்தேன். காட்சி மாறும் இடங்களைத் தானே கண்டுபிடிக்கும் PySceneDetect மென்பொருள் அதை 340 துண்டாக்கிவிட்டது. தாலி கட்டும் மூன்று நிமிடம் மட்டும் இருபது துண்டு!

அந்த இருபதில் பெரும்பாலானவை மணவறையைச் சுற்றி நின்ற புகைப்படக்காரர்களின் ஃபிளாஷாக இருக்கும். அடுத்தடுத்த பிரேம்களின் நிறமும் வெளிச்சமும் எவ்வளவு மாறுகின்றன என்பதை மட்டுமே மென்பொருள் பார்க்கிறது. ஒரு கணம் எல்லாம் வெளுத்தால், அதற்கு அது புதுக் காட்சி.

முதலில் எதையும் வெட்டாமல், பட்டியலும் படங்களும் மட்டும் எடுங்கள்:

```
scenedetect -i kalyanam.mp4 -m 2s detect-content -t 27 list-scenes save-images
```

இதில் 27 என்பது எவ்வளவு மாற்றம் தெரிந்தால் புதுக் காட்சி என்று எடுப்பது என்பதற்கான எல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று படங்கள் வரும். ஒரு துண்டின் கடைசிப் படத்தில் ஐயர் எங்கே நிற்கிறாரோ, அடுத்த துண்டின் முதல் படத்திலும் அங்கேயே நின்றால் அது ஃபிளாஷ், இரண்டையும் சேர்த்துவிடுங்கள். என் மாமாவின் கசெட்டில் 214 துண்டுகள் இப்படி 58 ஆகின. ஒரு மாலை போதுமாக இருந்தது, இரண்டு தேநீருடன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: இவ்வளவு சிரமம் ஏன்? 27ஐ 45 ஆக்கினால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன்.

துண்டுகள் குறையும், உண்மைதான். ஆனால் பலமான ஃபிளாஷ் 45ஐயும் தாண்டும். மறுபுறம், கமராக்காரர் நிறுத்தி, அதே மண்டபத்தில் அதே கூட்டத்தை மீண்டும் எடுத்த இடம் சிறிய மாற்றமாகவே தெரியும், அது போய்விடும். அதிகமாக வெட்டியதை ஒட்டலாம், தவறவிட்டதைத் தேடுவதுதான் பாடு.

தெஹிவளை அம்மா ஒருவர்: தம்பி, எங்கள் கசெட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். இதனால் போகுமா?

இல்லை அம்மா, இது பதிந்த பின் செய்யும் வேலை. அந்தக் கசெட்டைப் பிளேயரில் போடவே வேண்டாம், ஹெட்டும் கெட்டுவிடும். சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

வெள்ளவத்தைத் தங்கை மீண்டும்: சேர்த்துவிட்டேன். ஆனால் ffmpeg-இல் `-c copy` கொடுத்து, மறுகுறியாக்கம் இல்லாமல் அப்படியே நகலெடுத்து வெட்டினால், பூர்வாங்கச் சடங்கின் வால் தாலிகட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

உங்கள் கோப்பு எச்.264 தானே? அதில் முழுமையான பிரேம் இடையிடையேதான் வரும். வழக்கமான அமைப்பில் 250 பிரேம் வரை இடைவெளி, நம் 25 பிரேம் வீடியோவில் பத்து வினாடி. நகலெடுத்து வெட்டினால் அந்தப் பிரேமிலிருந்துதான் தொடங்கும். அந்தத் துண்டை மட்டும் மறுபடி குறியாக்கம் செய்யுங்கள்:

```
ffmpeg -ss 00:41:10 -i kalyanam.mp4 -t 00:06:25 -c:v libx264 -crf 18 -c:a copy thali.mp4
```

மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

பம்பலப்பிட்டித் தம்பி: என்னிடம் இருப்பது MiniDV என்ற சின்ன டிஜிட்டல் கசெட். அதற்கும் இதே பாடா?

உங்களுக்கு அதிர்ஷ்டம். எடுத்த நாளும் நேரமும் படத்துடனே பதிந்திருக்கும். நேரம் தாவும் இடமே வெட்டு. ஃபயர்வயர் வழியாக எடுத்தால்தான் அது வரும், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் வராது. கமராவின் கடிகாரத்தை யாருமே சரிசெய்யவில்லை என்றால்? திகதி பொய்யாக இருக்கும், தாவல் பெரும்பாலும் உதவும். பற்றரி தீர்ந்து கடிகாரம் அடிக்கடி பூச்சியத்துக்குப் போயிருந்தால் நானும் கண்ணால்தான் பார்ப்பேன்.