விடுப்பு கேட்டால் சிரிப்பு வருகிறது: நான்கு நாட்டுத் தமிழருக்கு ஒரே அறிவிப்பு எழுதுவது எப்படி?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு நாட்டிலும் இருக்கும் தமிழருக்கு ஒரே வேலை அறிவிப்பை எழுதுவது பற்றி, வாளையாறு தொடங்கி தடா வரை, கேரள, ஆந்திர எல்லையோர வேலையிடங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஆறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கிடங்கிலிருந்து கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் தமிழிலேயே தகவல் போகிறது. "இரண்டு கிழமைக்குள் பெட்டிகளை அனுப்பி வைக்கவும்" என்று கொழும்பிலிருந்து வந்ததைப் பார்த்து, இரண்டே நாளில் எப்படி அனுப்புவது என்று பையன்கள் ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள். தப்பு யாருடையது? (கஞ்சிக்கோடு)

இருவர் மேலும் தப்பில்லை. இலங்கைத் தமிழில் கிழமை என்றால் வாரம். "போன கிழமை வந்தவர்" என்றால் போன வாரம் வந்தவர். தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய பாலக்காட்டுப் பக்கத்திலும் கிழமை என்பது திங்கள், செவ்வாய் என்கிற நாள்தான். அவர் எழுதியது 14 நாள், உங்கள் ஆட்கள் படித்தது 2 நாள்.

தெரியாத சொல் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. முகாமையாளர் என்று கொழும்பிலிருந்து வந்தால் நம் ஊர்க்காரர் ஒரு நொடி நின்று, மேலாளரைத்தான் சொல்கிறார்கள் என்று பிடித்துக்கொள்வார், இல்லாவிட்டால் கேட்பார். தெரிந்த சொல்லாகவே இருந்து பொருள் மட்டும் வேறாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். வேலை முடிந்த பிறகுதான் வெளியே தெரியும். ஆகவே நீங்கள் போடும் சொற்பட்டியலில் சாரதியும் ஓட்டுநரும் கடைசியில் வரட்டும், கிழமை முதலில் வரட்டும்.

மாற்றி எழுதும்போது, வாரம் நான்கு நாட்டிலும் செல்லும். ஆனால் "இரண்டு வாரத்துக்குள்" என்றாலும் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. "2026 மார்ச் 20, வெள்ளிக்கிழமைக்குள்" என்று முடிவு நாளையே எழுதுங்கள். தேதியோடு கிழமையையும் போட்டால், ஒன்றைத் தவறாக அடித்திருந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பொறியாளர் எங்கள் "விடுப்பு விண்ணப்பம்" படிவத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிங்கப்பூர் அலுவலகத்துக்கும் அதே படிவம்தான் போகிறது. என்ன செய்யலாம்? (தடா)

யாழ்ப்பாணப் பேச்சில் விடுப்பு என்றால் ஊர்வம்பு, அடுத்தவர் சங்கதியைத் துருவுவது. "விடுப்புக் கேக்கிறான்" என்றால் வம்பு கேட்கிறான். ஆக, உங்கள் படிவம் அவர் கண்ணுக்கு வம்பு பேச அனுமதி கோரும் விண்ணப்பம். சிரிக்காமல் என்ன செய்வார்?

விடுப்பை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் விடுமுறை என்று போட்டால் வேறு சிக்கல் வரும். தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் ஒருவர் தனக்காக எடுப்பது விடுப்பு, எல்லோருக்கும் விடுவது விடுமுறை. இலங்கையில் இரண்டுக்கும் விடுமுறை என்றே எழுதுவார்கள். உடம்பு சரியில்லாமல் எடுப்பது அங்கே சுகயீன விடுமுறை. "வெள்ளிக்கிழமை விடுமுறை" என்று மொட்டையாக ஒரு வரி போனால், அன்று ஆலையே மூடியிருக்குமா, அனுப்பியவர் மட்டும் வரமாட்டாரா என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்கள் யோசனை: ஆலை மூடும் நாளுக்குப் "பொது விடுமுறை", ஆள் எடுப்பதற்கு "லீவு". லீவு நான்கு நாட்டிலும் பேச்சில் இருக்கிற சொல். தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம், ஆனால் வம்புக்கு விண்ணப்பம் போடுவதைவிட இது மேல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மருத்துவச் சான்றோடு எடுக்கும் லீவை எம்சி என்பார்கள். உங்கள் பக்கத்துத் தொழிலாளிக்கு அந்தச் சுருக்கம் பிடிபடாது. "மருத்துவச் சான்றுடன் லீவு" என்று முழுசாக எழுதிவிடுங்கள்.

எல்லையோரத்துக்கே உரிய இரண்டு சொற்களையும் கவனிக்க வேண்டும். தெலுங்கில் செலவு என்றால் விடுமுறை, மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. இரண்டு மொழியும் புழங்கும் இடத்தில் "நாளைக்கு செலவு", "திங்கள் அவதி" என்று அவசரத்தில் தமிழ் எழுத்தில் அடித்துவிடுவது நடக்கிற காரியம். கோலாலம்பூர்க்காரர் முதலாவதைப் படித்துப் பணம் எவ்வளவு என்று கேட்பார். இரண்டாவதைப் படித்து என்ன கஷ்டமோ என்று கவலைப்படுவார்.

"கார்த்திகை 10ஆம் திகதி பயிற்சி வகுப்பு" என்று இலங்கைப் பயிற்சியாளர் குறிப்பு அனுப்பினார். எங்கள் நாட்காட்டிப்படி அது நவம்பர் கடைசி. அவரோ நவம்பர் 10 என்கிறார். (பாலக்காடு மாவட்டச் சித்தூர்)

இலங்கைத் தமிழர் பலர் நவம்பர் மாதத்தையே கார்த்திகை என்று எழுதுவார்கள். ஜனவரி தை, ஜூலை ஆடி என்று பன்னிரண்டு ஆங்கில மாதத்துக்கும் அப்படியே பெயர் உண்டு. நாள் எண் மாறாது, மாதப் பெயர் மட்டும்தான் தமிழ். நம் நாட்காட்டியில் கார்த்திகை பிறப்பதே நவம்பர் 16 அல்லது 17இல். அந்தக் கணக்கில் 10ஆம் நாள் நவம்பர் 25 அல்லது 26 ஆகிறது. பதினைந்து, பதினாறு நாள் வித்தியாசம். ஆந்திரப் பக்கம் போனால் கார்த்திக மாதம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் சந்திர மாதம், அது வேறு கணக்கு.

வேலை அறிவிப்பில் தமிழ் மாதப் பெயரே வேண்டாம். நவம்பர் என்று எழுதுங்கள். தேதி, திகதி இரண்டும் எல்லோருக்கும் புரியும். அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

நேரத்துக்கு இலங்கையில் மு.ப., பி.ப. என்று போடுவார்கள், சிங்கப்பூர், மலேசியத் தமிழில் "மாலை மணி 4" என்று மணி முன்னால் வரும். புரியாமல் போகாது. ஆனால் எந்த ஊர் நேரம் என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரம், சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். "16:00 (இந்தியா, இலங்கை), 18:30 (சிங்கப்பூர், மலேசியா)" என்று இரண்டையும் எழுதிவிட்டால் யாரும் கணக்குப் போட வேண்டாம்.

பயணச் செலவு குறித்து சிங்கப்பூரிலிருந்து வந்த அறிவிப்பில் "ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு தரவும், பற்றுச்சீட்டை இணைக்கவும்" என்று இருந்தது. வாராவாரம் வெள்ளிக்கிழமை கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி என்று கேட்கிறார்கள். (நகரி)

சிங்கப்பூர்த் தமிழில் வெள்ளி என்றால் டாலர். மலேசியாவிலும் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். அவர்கள் சொன்னது, செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு வேண்டும் என்பது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, இரண்டு பொருளும் சுத்தமாகப் பொருந்துகின்றன. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பற்றுச்சீட்டிலும் இடறல் உண்டு. இலங்கையில் அது பணம் கட்டியதற்கான ரசீது. சிங்கப்பூரில் அந்தச் சொல் கடையில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் சீட்டுக்கும் வழங்குகிறது, குடும்பங்களுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு போல. உங்கள் ஊரில் ரசீது, பில் இரண்டும்தான் புழக்கம். "கடை கொடுத்த பில்" என்று எழுதினால் மூன்று இடத்திலும் கை சரியான காகிதத்துக்குப் போகும்.

ரூபாய்க்கும் இதே கவனம் வேண்டும். இலங்கையில் ரூபா, இங்கே ரூபாய், மதிப்போ வேறு. தொகைக்கு முன்னால் INR, LKR, SGD, MYR என்ற குறியைப் போட்டுவிடுங்கள். 1,50,000 என்று நம் முறையில் காற்புள்ளி வைத்தால் சிங்கப்பூர்க்காரர் ஓர் எண் விட்டுப்போயிற்றோ என்று நினைப்பார். 150,000 என்று வைத்தால் நம்மவருக்கும் புரியும். லட்சத்தைச் சொல்லாக எழுதினால் பக்கத்தில் எண்ணும் இருக்கட்டும். நகரிக்காரர் கேட்ட வாக்கியம் இப்படி ஆகும்:

"செலவழித்த முழுத் தொகைக்கும் (SGD) கணக்கு எழுதி, கடை கொடுத்த பில்களை இணைத்து, மாதம் ஒருமுறை, அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் அனுப்பவும்."

மாதம் ஒருமுறை என்பது நாங்கள் எடுத்துக்காட்டாகப் போட்டது. உங்கள் விதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வருங்கால வைப்பு நிதி, ஊழியர் சேமலாப நிதி, மத்திய சேம நிதி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் "பிஎஃப்" என்று ஒன்றாக்கிவிடலாமா? (குமுளி)

கூடாது. முதலாவது இந்தியாவுடையது, இரண்டாவது இலங்கையுடையது, மூன்றாவது சிங்கப்பூருடையது. மலேசியாவில் ஊழியர் சேம நிதி என்பார்கள். இவை ஒரே பொருளுக்கு நான்கு பெயர் அல்ல, நான்கு தனிச் சட்டம். பிடித்தமும் பணம் எடுக்கும் விதியும் நாட்டுக்கு நாடு வேறு. பொதுப் பெயர் வைத்தால் ஒருவர் மற்ற நாட்டு விதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்வார். அந்தந்த நாட்டின் பெயரை அப்படியே விட்டு, முன்னால் நாட்டைக் குறிப்பிடுங்கள்.

அறிவிப்பு எல்லோருக்கும் புரிகிறதா என்று அனுப்பும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? "புரிந்ததா" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். (வாளையாறு)

அந்தக் கேள்வியால் பயனில்லை. பொருள் மாறிய சொல்லைப் படித்தவருக்கும் புரிந்த மாதிரியே இருக்கும். நாட்டுக்கு ஒருவராக நான்கு பேரிடம் கொடுத்து, "இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள், எந்த நாளில், எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிசகு தானாகத் தெரியும்.

ஓர் உதாரணம். "பழுதான இயந்திரத்தைப் பாவிக்க வேண்டாம், ஆறுதலாகக் கதைக்கலாம்" என்று இலங்கை மேற்பார்வையாளர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நாட்டு ஆள் சொல்லும் பதில்: இயந்திரத்தை ஓட்டமாட்டேன், அதைப் பற்றி அவசரமில்லாமல் பிறகு பேசுவோம். வாளையாற்று ஆள் பாவிக்க என்பதில் தடுமாறுவார், அவருக்குத் தெரிந்த பாவிப்பது கருதுவதும் நடிப்பதும்தான். ஆறுதல் என்றதும் யாருக்கோ துக்கம் என்று நினைப்பார். "பயன்படுத்த வேண்டாம். இதைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்றால் இருவர் பதிலும் ஒன்றாகிவிடும்.

பதில்கள் வேறுபட்ட சொல்லை மட்டும் பட்டியலில் சேருங்கள். ஒரே பதில் வந்த சொல்லை, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், தொடாதீர்கள். எழுத்து வழக்கும் அப்படித்தான்: ரிக்கற் என்று அவர்கள் எழுதுவதையும் டிக்கெட் என்று நீங்கள் எழுதுவதையும் இரு பக்கமும் படித்துக்கொள்ளும். கோப்பின் பெயரிலும் தேடும் சொல்லிலும் மட்டும் ஒரே எழுத்தாக இருக்கட்டும். கணினி என்று தேடினால் கணனி என்று பெயரிட்ட கோப்பு கிடைக்காது.