இன்சுலின், ஊசியோட ஃப்ளைட் ஏறப் போறீங்களா? முதல்ல அந்த மாத்திரை டப்பாவ காலி பண்ணுங்க

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு. காலைல 20 யூனிட், ராத்திரி 14 யூனிட் இன்சுலின், சிரிஞ்ச்ல எடுத்துப் போட்டுக்குறாங்க. 3 மாசம் தங்கச்சிகூட இருக்க வெளிநாடு போறாங்க. மாத்திரை எல்லாத்தையும் டப்பாவுல பிரிச்சு வச்சுட்டேன். ஏர்போர்ட்ல ஊசிய பிடுங்கிருவாங்களா? டாக்டர் லெட்டர் போதுமா?

பதில்: இன்சுலின் கூடவே இருந்தா ஊசிய பொதுவா பிடுங்க மாட்டாங்க, செக்யூரிட்டிக்காரங்க தினம் பாக்குற சாமான்தான் அது. ஸ்கேனர்ல பை போறதுக்கு முன்னாடியே "இதுல இன்சுலினும் ஊசியும் இருக்கு"ன்னு அம்மா வாய்விட்டு சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது. உண்மையா மாட்டி விடுறது நீங்க ஆசையா அடுக்கி வச்ச அந்த டப்பாதான். வெள்ள வெள்ளையா பேர் தெரியாத மாத்திரைய பாத்து சுகர் மாத்திரையா தூக்க மாத்திரையான்னு கஸ்டம்ஸ் ஆபீசர் எப்படி கண்டுபிடிப்பார்? எல்லாத்தையும் அட்டையோட, முடிஞ்சா வெளி பெட்டியோட வைங்க. அட்டைய கத்திரியால வெட்டாதீங்க, நெறைய அட்டையில பேரும் காலாவதி தேதியும் ஒரு ஓரத்துலதான் அடிச்சிருக்கும், வெட்டுனா மீதி துண்டு அனாதை ஆயிடும்.

லெட்டர் போதுமான்னா, அதுல என்ன எழுதியிருக்குங்கறத பொறுத்தது. "இவர் சர்க்கரை நோயாளி"ன்னு ஒத்த வரி பத்தாது. லெட்டர்ஹெட்ல, இங்கிலீஷ்ல, தேதி, சீல், டாக்டர் போன் நம்பரோட இருக்கணும். பிராண்ட் பேர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால மருந்தோட ஜெனரிக் பேர், டோஸ், எத்தனை நாளைக்கு எவ்ளோன்னு வரணும், சிரிஞ்ச் எத்தனைன்னும் வரணும். இன்னொன்னு, பாஸ்போர்ட்ல என்ன பேரோ அதே பேர். நம்ம ஆளுங்களுக்கு சீட்டுல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிச்சு இருக்கும், பாக்குறவருக்கு அது ரெண்டு ஆள்.

கணக்க அம்மாவுக்கே போட்டு பாப்போம். ஒரு நாளைக்கு 34 யூனிட், 90 நாளைக்கு 3060. ஒரு மில்லிக்கு 40 யூனிட், 10 மில்லி வயல்னா ஒன்னுல 400 இருக்கு, அப்ப 8 வயல், உடைஞ்சா கெட்டா இருக்கட்டும்னு 2 கூட வச்சு 10. சிரிஞ்ச் 180, கூட 20. இந்த 10, 200ங்கற நம்பர் லெட்டர்லயும் இருந்தா எண்ணி பாத்தாலும் இடிக்காது. ஆனா 3 மாச மருந்த எல்லா நாடும் விடாது, ஜப்பான் மாதிரி இடத்துல டாக்டர் சீட்டு மருந்து 1 மாசத்துக்கு மேல கொண்டு போக முன்கூட்டியே அனுமதி வாங்கணும். போற நாட்டு தூதரக சைட்ல இத பாத்துருங்க. அம்மா தூக்க மாத்திரையோ, டிரமடால் மாதிரி வலி மாத்திரையோ, கோடீன் இருமல் சிரப்போ எடுத்தா கண்டிப்பா பாருங்க, ஏன்னா இதெல்லாம் நெறைய நாட்டுல கட்டுப்பாடு உள்ள மருந்து, லெட்டர் மட்டும் காப்பாத்தாது.

இன்சுலின் மொத்தமும் கைப்பையில. செக்-இன் பெட்டில போட்டா பெட்டி தொலையலாம், உறையவும் செய்யலாம். உறைஞ்சு இளகுன இன்சுலின் சில சமயம் பாக்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஐஸ் பேக் வச்சாலும் வயல்ல நேரா படாம துணி சுத்துங்க. ஃப்ளைட்ல ஃப்ரிட்ஜ்ல வைக்க குடுக்காதீங்க, ஐஸ்கட்டி பக்கத்துல வச்சுருவாங்க, இறங்குற அவசரத்துல மறந்தும் போகும்.

கடைசியா ஒன்னு, பல பேருக்கு தெரியாது, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப பயம். பல நாடுகள்ல மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின்தான் கிடைக்கும், சிரிஞ்சும் அதுக்கேத்ததுதான், மூடி ஆரஞ்சு கலர்ல இருக்கும். 40க்கான சிரிஞ்ச்ல சிவப்பு மூடி. அம்மாவோட சிரிஞ்ச் தீந்து அங்க 100 சிரிஞ்ச வாங்கி நம்ம 40 வயல்ல இருந்து 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது வெறும் 8 யூனிட், சுகர் எகிறும். தலைகீழா, அங்க வாங்குன 100 இன்சுலின நம்ம சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 20 கோடு வரைக்கும் இழுத்தா 50 யூனிட் போயிரும், மயங்கி விழுந்துருவாங்க, உயிருக்கே ஆபத்து. அதனாலதான் சிரிஞ்ச் 20 கூட சொன்னேன். அங்க வாங்கியே ஆகணும்னா வயலையும் சிரிஞ்சையும் சேத்து மாத்துங்க, வயல்மேல 40ஆ 100ஆன்னு தங்கச்சிய படிச்சு பாக்க சொல்லுங்க, லெட்டர்லயும் அந்த நம்பர டாக்டர எழுத சொல்லுங்க.