மாவு பாக்கெட்டில் கையில் நிற்பது எவ்வளவு?

கோவையில் தோசை மாவு விற்பவர்: அண்ணா, ஒரு கிலோ மாவு பாக்கெட்டை வரி போக 80 ரூபாய்க்கு வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அரிசி, உளுந்து 34 ரூபாய்தான். பாக்கெட்டுக்கு 46 ரூபாய் லாபம். விளம்பரத்தில் ஒரு வாடிக்கையாளர் 150 ரூபாய்க்கு வந்துவிடுகிறார். நாலு பாக்கெட் வாங்கினால் போட்ட காசு திரும்பிவிடுமே! ஆனால் ஒன்றரை வருஷமாக வங்கி இருப்பு இறங்கிக்கொண்டே போகிறது. எங்கே ஓட்டை?

தம்பி, நீங்கள் அனுப்பிய செலவுத் தாளை வைத்தே பேசுகிறேன். 46, 150 இரண்டுமே தப்பு.

முதலில் 46. ஒரு பாக்கெட் கூடுதலாக விற்றால் எந்தெந்தச் செலவு கூடுதலாக வருமோ, அது எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். அரிசி உளுந்து 34, அரைக்கக் கரண்டும் தண்ணீரும் 3, கவர் 4, வண்டிக்காரப் பையனுக்கு ஒரு வீட்டுக்கு 17, ஆன்லைனில் பணம் வாங்கும் கட்டணம் 2. உங்கள் தாளின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: புளித்துப்போய்த் திரும்பி வந்ததற்குப் பாக்கெட்டுக்குச் சராசரியாக 4 ரூபாய். மொத்தம் 64. மிச்சம் 16. கான்ட்ரிப்யூஷன் என்று முதலீட்டாளர்கள் கேட்பது இந்த 16 ரூபாயைத்தான். ஒரு வீட்டில் மாதம் சராசரியாக 6 பாக்கெட் வாங்குகிறார்கள் என்றால், ஒரு வாடிக்கையாளரால் மாதம் 96 ரூபாய் கையில் நிற்கிறது.

இனி 150. விளம்பரத்துக்கு 30,000 கொடுத்தீர்கள், 200 பேர் இலவசப் பாக்கெட் வாங்கினார்கள், வகுத்தால் 150. ஆனால் அந்த 200 பேரில் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தவர்கள் 100 பேர்தான். இலவசமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் வாடிக்கையாளர் இல்லை. அடுக்குமாடிகளில் கதவு தட்டிய இரண்டு பையன்களின் சம்பளம் 24,000 விட்டுப்போயிருக்கிறது. இலவசமாகக் கொடுத்த 200 பாக்கெட்டின் அடக்கம், ஆன்லைன் கட்டணம் இல்லாமல் 62 வீதம், 12,400. கூட்டினால் 66,400. நூறு பேருக்கு வகுத்தால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 664 ரூபாய் ஆகியிருக்கிறது.

மதுரை, துணிக்கடை வைத்திருப்பவர்: வாடகை, மாவு அரைக்கிற ஆள் சம்பளம் இதெல்லாம் எங்கே போச்சு? அதைக் கழிக்காமல் 16 ரூபாய் லாபம்னு சொன்னா எப்படி சார்?

நான் அதை லாபம் என்று சொல்லவில்லை ஐயா. நாளைக்கு ஒரு வீடு கூடுதலாகச் சேர்ந்தால் வாடகை ஏறாது, அரைக்கிறவர் சம்பளமும் ஏறாது. அதனால் அவை இந்தக் கணக்கில் வராது. எல்லா வீட்டிலிருந்தும் வரும் 96 ரூபாய்கள் சேர்ந்துதான் வாடகையைக் கட்ட வேண்டும். இரண்டையும் ஏன் பிரிக்கிறோம் என்றால், ஒரு பாக்கெட்டிலேயே காசு நிற்காவிட்டால் எத்தனை வீடு சேர்ந்தாலும் வாடகை கட்ட முடியாது. அதை முதலில் தெரிந்துகொள்ளத்தான். ஒரு எச்சரிக்கை: வீடுகள் பெருகி இரண்டாவது கிரைண்டரும் இன்னொரு ஆளும் தேவைப்பட்டால், அந்த இடத்தில் செலவு ஒரு படி ஏறும். அதைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

சென்னை, மென்பொருள் வேலையிலிருந்து தொழிலுக்கு வந்தவர்: 664ஐ 96ஆல் வகுத்தால் ஏழு மாதம். வாடிக்கையாளர் மூலம் கிடைப்பது, பிடிக்கும் செலவைப்போல மூன்று மடங்கு இருந்தால் போதும் என்று படித்திருக்கிறேன். மாதம் 480 ரூபாய் வீதம் ஒரு வருஷத்துக்கு 5,760. எட்டு மடங்குக்கு மேல்! இது நல்ல தொழில்தானே?

வகுத்தது சரி, ஏழு மாதம்தான். ஆனால் அந்த 5,760 வெறும் விற்பனைத் தொகை. அதில் உங்களுக்கு நிற்பது ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மடங்கு விதியைப் பரப்பியவர் டேவிட் ஸ்கோக் என்ற முதலீட்டாளர். மாதச் சந்தா மென்பொருள் நிறுவனங்களை மனத்தில் வைத்துத்தான் சொன்னார். பிடித்த செலவு 12 மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது அவர் கூடவே சொன்ன இன்னொரு பாதி. மென்பொருளில் இன்னொருவருக்குக் கொடுக்க அரிசியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். மாவுக்கு அந்த விதியை அப்படியே எடுத்துப் போட முடியாது.

இதைவிடப் பெரிய பிசகு ஏழு மாதக் கணக்கிலேயே இருக்கிறது. சேர்ந்த நூறு பேரும் ஏழு மாதமும் இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். கோவைத் தம்பியின் பதிவேட்டில் போன வருஷம் ஜனவரியில் சேர்ந்த அந்த நூறு பேரை மட்டும் தனியாக எடுத்து, மாதாமாதம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முதல் மாதம் 100. இரண்டாவது மாதமே 70. பிறகு 58, 50, 45, 42, 40, 38 என்று இறங்கி, பன்னிரண்டாவது மாதம் 34 பேர். முதலில் விழுந்த வேகத்தில் பிறகு விழவில்லை. மாவுக்கு இது இயல்பு. பிடிக்காதவர்கள் உடனே போய்விடுவார்கள், பழகியவர்கள் நிற்பார்கள்.

நான் இங்கே சொல்லாமல் விட்ட மாதங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு மாத எண்களையும் கூட்டினால் 585. அதை 96ஆல் பெருக்கினால் 56,160 ரூபாய். போட்டது 66,400. ஒரு வருஷம் ஆகியும் போட்ட முதல் திரும்பவில்லை! மீதியையும் எண்ணிப் பார்த்தால் பதினாறாவது மாதத்தில்தான் திரும்பியிருக்கிறது. ஏழு மாதம் என்று நினைத்துக்கொண்டு மாதாமாதம் விளம்பரத்துக்குப் பணம் கொட்டினால் வங்கி இருப்பு இறங்காமல் என்ன செய்யும்?

கோவைக்காரரே மறுபடியும்: அண்ணா, ராத்திரி தூக்கம் வரவில்லை. தொழிலை மூடிவிடவா?

மூட வேண்டாம். கதவு தட்டுவதை மட்டும் இரண்டு மாதம் நிறுத்துங்கள். 17 ரூபாய் வண்டிக்கூலிதான் உங்களைத் தின்கிறது. பாக்கெட்டுக்கு அல்ல, வீட்டு வாசலுக்குப் போவதற்குத்தான் அந்தக் கூலி. ஆறு பாக்கெட்டை ஆறு தடவையாக வாங்குகிற வீடு, மூன்று தடவை இரண்டு இரண்டாக வாங்கினால் மாதம் 51 ரூபாய் மிச்சம். 96 என்பது 147 ஆகிவிடும். ஆட்கள் அதே வேகத்தில் கழன்றாலும் 66,400 ஒன்பதாவது மாதத்திலேயே திரும்பிவிடும். விலையை ஏற்றவில்லை, விளம்பரத்தைக் குறைக்கவில்லை. இதில் சிக்கல் எங்கே வரும் என்றால், இரண்டாவது பாக்கெட் ஃபிரிட்ஜில் மூன்று நாள் கிடந்து புளித்தால் திரும்பி வருவது கூடும், அந்த 4 ரூபாய் 8 ஆகலாம். அதனால் ஒரே ஒரு அடுக்குமாடியில் நாலு வாரம் செய்து பாருங்கள். திரும்பி வந்த பாக்கெட்டைத் தினமும் எண்ணுங்கள்.

திருச்சி, ஆடிட்டர்: ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் திரும்பும் காலம் நீண்டால் லாபம் தள்ளிப்போகிறது என்பதோடு முடியவில்லை. ரொக்கம் எவ்வளவு வெளியே மாட்டிக்கொள்கிறது என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. வளர வளரப் பள்ளம் ஆழமாகும்.

மிகச் சரி சார், இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதே எண்களில் பார்ப்போம். மாதாமாதம் 66,400 போட்டு நூறு நூறு பேராகப் பிடித்தால் ஆறு மாதத்தில் வெளியே போவது 3,98,400. அந்த ஆறு மாதத்தில் பிடித்தவர்கள் எல்லாரிடமிருந்தும் திரும்பி வருவது சுமார் 1,40,500. கிட்டத்தட்ட 2.58 லட்சம் வெளியே நிற்கிறது, வாடகையும் சம்பளமும் தனி. நான் முன்பு கணக்குப் பார்த்த ஒரு காய்கறி விநியோக நிறுவனத்தில் இந்தப் பள்ளத்தை யாரும் அளக்கவே இல்லை. ஆர்டர் ஏறிக்கொண்டிருந்த மாதத்தில்தான் சம்பளம் போட முடியாமல் போனது. ஊழியர்களுக்கு அதை விளக்கிச் சொன்னவன் நான். இன்னும் மறக்க முடியவில்லை.

யாழ்ப்பாணம், இணைய வழி வகுப்பு நடத்துபவர்: நாங்கள் ஒரு வருஷக் கட்டணத்தை முன்னமே வாங்குகிறோம். பிடிக்கும் செலவு முதல் நாளே திரும்பிவிடுகிறது. அப்படியென்றால் இந்தக் கணக்கு எங்களுக்குத் தேவையில்லைத்தானே?

ரொக்கப் பள்ளம் உங்களுக்கு இல்லை, அது பெரிய பலம். ஆனால் முதல் நாள் கையில் வந்த பணத்தில் பன்னிரண்டு மாதத்து வகுப்புக்கான ஆசிரியர் சம்பளமும் இருக்கிறது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தோடு மட்டும் பிடிக்கும் செலவை ஒப்பிடுங்கள். இடையில் நின்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த கட்டணத்தையும் கழியுங்கள். இரண்டாவது வருஷம் எத்தனை பேர் மறுபடி சேர்ந்தார்கள் என்பதுதான் உங்களுக்கான கேள்வி. உங்கள் தொழிலில் ஆட்கள் கழல்வது மாதாமாதம் தெரியாது, வருஷக் கடைசியில் ஒரே நாளில் தெரியும்.

கல்லூரி மாணவி, சேலம்: பெரிய நிறுவனங்கள்கூட இதில் தவறியிருக்கிறதா சார்? அவர்களிடம் இவ்வளவு ஆட்கள் இருப்பார்களே?

அமெரிக்காவின் புளூ ஏப்ரனைப் படித்துப் பாரம்மா. ஒரு வேளை சமையலுக்கு வேண்டிய காய், இறைச்சி, மசாலாவை அளந்து பெட்டியில் வீட்டுக்கு அனுப்புகிற நிறுவனம். 2017 ஜூனில் ஒரு பங்கு 10 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 94 டாலர் என்று ஆவணத்தில் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் 2014 முதல் செய்த செலவு முழுவதையும் அந்தக் காலத்தில் வந்த எல்லாருக்கும் வகுத்து வந்த சராசரி. ஆரம்பத்தில் ஆர்வத்தோடு தேடி வந்தவர்கள் மலிவாகக் கிடைத்தவர்கள். கடைசியாக வந்தவருக்கு எவ்வளவு ஆனது என்பதை அந்தச் சராசரி மறைத்துவிடும். அந்த வருஷத்து முதல் காலாண்டில் விற்பனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விளம்பரத்துக்கே போயிருக்கிறது. விளம்பரத்தைக் குறைத்ததும், அந்தக் காலாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருந்த வாடிக்கையாளர்கள் வருஷக் கடைசியில் சுமார் ஏழரை லட்சமாகிவிட்டார்கள். விளம்பரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். புதிய கிடங்கில் வேலை தடுமாறியதும் உண்டு. 2023இல் வொண்டர் என்ற நிறுவனம் அதை சுமார் 10.3 கோடி டாலருக்கு வாங்கியது.

கோவைத் தம்பியும் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் 664, அந்த ஜனவரி மாதத்துக்கானது. முதலில் தட்டியது உங்கள் வீட்டைச் சுற்றியிருந்த அடுக்குமாடிகளை. அடுத்த நூறு பேரைத் தூரத்தில் தேடினால் பிடிக்கும் செலவும் ஏறும், வண்டிக்கூலியும் ஏறும். ஒவ்வொரு மாதத்துக்கும் தனி வரி போடுங்கள்.

சென்னைக்காரர்: பழைய வாடிக்கையாளருக்குத் தீபாவளிக்குக் கொடுக்கிற தள்ளுபடி? நான் அதைப் பிடிக்கும் செலவில்தான் சேர்ப்பேன். போகவிருந்தவரை மறுபடி பிடிப்பதுதானே அது?

நான் கான்ட்ரிப்யூஷனில் கழிப்பேன். அவர் ஏற்கெனவே நம்மிடம் வாங்குகிறவர், அந்த மாதம் அவரால் நமக்கு நின்றது குறைவு, அவ்வளவுதான். ஆனால் ஆறு மாதமாக வாங்காமல் இருந்தவரைத் தள்ளுபடி கொடுத்து வரவழைத்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எத்தனை மாதம் வாங்காவிட்டால் அவரைப் புது ஆளாக எண்ணுவது என்பதில் எனக்கே உறுதியான பதில் இல்லை.

ஆடிட்டர்: எனக்கும் இல்லை. ஆனால் இந்த வருஷம் ஒரு விதமாகவும் அடுத்த வருஷம் வேறு விதமாகவும் போட்டால், முதல் திரும்பும் காலம் தானாகக் குறைந்ததுபோலத் தெரியும். அதை நான் கையெழுத்திடும் இடத்தில் விடமாட்டேன்.

கோவைக்காரர்: அண்ணா, ஒரு அடுக்குமாடியில் இரண்டு பாக்கெட் திட்டம் இன்று ஆரம்பித்தோம். 31 வீட்டில் 19 வீடு சம்மதித்திருக்கிறது. நாலு வாரம் கழித்துத் திரும்பி வந்த பாக்கெட் கணக்கோடு வருகிறேன்.