அளவுப்படி வரையாத படம்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

"கணக்குல 'படம் அளவுப்படி வரையப்படவில்லை'னு போட்டிருந்தா அந்தப் படத்தை நம்பலாமா?"

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதை, ஒரே முக்கோணத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்கள் வாதாடுவதாக எழுதினால் எளிதில் பிடிபடும். AB = 7, BC = 8, AC = 13. படத்தில் B பார்க்க அச்சு அசலாகச் செங்கோணம்.

கவின்: பரப்பு 28. ஏழெட்டு ஐம்பத்தாறு, அதில் பாதி.

அருண்: B செங்கோணம்னு யார்டா சொன்னது?

கவின்: படத்தைப் பாரு, தெரியுதே!

அருண்: அங்க சதுரக் குறி இல்லையே. 49-உம் 64-உம் கூட்டினா 113தான் வருது, 13-இன் வர்க்கமோ 169. அப்போ B விரிகோணம், கணக்குப் போட்டா சரியா 120°. பரப்பு 14√3, ஏறக்குறைய 24.2.

கவின்: அப்போ படமே பொய்யா?

அருண்: இல்லடா. எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கு, 7 எந்தப் பக்கத்தோட நீளம், இதெல்லாம் படம் சொல்றதுதான். நீளம், கோணம், இணை, செங்குத்து, இதை மட்டும் கண்ணால் முடிவு பண்ணாதே.

அருண் சொல்வது சரி. ஆனால் நாமே புதிதாக ஒரு கோடு சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் வரும்: A-இலிருந்து BC-க்குக் குத்துக்கோடு இறக்கினால், அந்தப் படத்தில் அது B-யிலேயே விழுவதுபோல இருக்கும், உண்மையில் BC-ஐ B-க்கு அப்பால் நீட்டி 3.5 தள்ளித்தான் விழுகிறது.