கார்பன் டேட்டிங் டைனோசருக்கு ஏன் சரிவராது?

கீழடி வயதைச் சொல்லும் கார்பன் டேட்டிங்கால் டைனோசர் எலும்பின் வயதை ஏன் சொல்ல முடியாது?

மரமோ விலங்கோ, உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்தோ உணவிலிருந்தோ கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். செத்ததும் வரவு நின்றுவிடும், இருப்பது சிதைந்து 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்கு கி.மு. 580 என்று வந்ததே, அந்த வயதில் முக்கால் பங்கு கார்பன்-14 மிச்சமிருக்கும், தாராளமாக அளக்கலாம்.

50,000 ஆண்டு தாண்டினால் 400இல் ஒரு பங்குகூட மிஞ்சாது. அப்புறம் பெரிய தொல்லை அழுக்குதான். 6.6 கோடி ஆண்டுப் பழைய எலும்பில் சொந்த கார்பன்-14 துளியும் இருக்காது, ஆனால் வேர், பாக்டீரியா வழியாக இன்றைய கார்பன் 1 சதவீதம் கலந்துவிட்டாலே கருவி சுமார் 38,000 ஆண்டு என்று காட்டும். டைனோசருக்கு அதனால்தான் எலும்பை விட்டுவிட்டு, மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.